பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்தவர் பேர் இன்னும் தெரியவில்லை. உங்களுக்கு நடந்திருக்கிறதா?

மேலத்தெரு:
போன தை மாதம் திண்டுக்கல்லில் ஒரு கல்யாணம். மண்டப வாசலிலேயே ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டு "என்னைத் தெரியுதா?" என்றார். முகம் நன்றாகத் தெரிகிறது, பேர் வரவில்லை. "தெரியாம என்னண்ணே!" என்று சொல்லித் தொலைத்தேன், எல்லாம் அங்கேயே கெட்டது. பந்தியில் பக்கத்திலேயே உட்கார்ந்தார், அம்மாவின் முழங்கால் ஆபரேஷனைப் பற்றி என்னைவிட விவரமாகப் பேசுகிறார், நான் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே தலையாட்டுகிறேன். அப்புறம் ஒரு யோசனை வந்து, "போன் மாத்திட்டேன்ணே, ஒரு மிஸ்டு கால் குடுங்க" என்றேன். கொடுத்தார். என் போனில் "ஆபீஸ் 2" என்று வந்தது, என்றைக்கோ நானே போட்டு வைத்த பேர்! சரி, மொய் எழுதும் இடத்தில் பேர், ஊர் எல்லாம் சொல்லித்தானே ஆகவேண்டும் என்று பின்னாலேயே போய் நின்றேன். மனுஷர் கவரிலேயே எல்லாம் எழுதிக்கொண்டு வந்திருந்தார், எழுதுகிறவர் வாயைத் திறக்காமல் பார்த்து எழுதிக்கொண்டார்.

ஓய்வுபெற்ற ரெப்:
முப்பது வருஷம் மருந்துக் கம்பெனி வேலை, தினமும் பத்துப் பதினைந்து பேரைப் பார்க்கிற பிழைப்பு, இதில் அடிபட்ட அனுபவம் நிறைய. முதல் அரை நிமிஷத்தில் கேட்டால் யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை. கால் மணி நேரம் சிரித்துப் பேசிவிட்டுக் கேட்டால்தான், இவ்வளவு நேரம் நடித்தாயா என்று கோபம் வருகிறது. கேட்கும்போதும் வெறுமனே "நீங்க யாரு?" என்று கேட்கக் கூடாது. தெரிந்ததை முதலில் சொல்லவேண்டும். ஒருமுறை பஸ் ஸ்டாண்டில் ஒருவர் கூப்பிட்டார். "சார், நீங்க மாடியில கடை வெச்சிருந்தீங்க, எனக்கு மோர் வாங்கிக் குடுத்தீங்க, எல்லாம் ஞாபகம் இருக்கு, பேர் மட்டும் நாக்குல நிக்குது" என்றேன். அவருக்குக் கோபமே இல்லை, அந்த மோர் ஞாபகம் இருக்கிறதே என்று சந்தோஷம். அவரே பேரைச் சொன்னார்.

பேர் மட்டும் தனியாக மறப்பதற்கும் காரணம் உண்டு. 1987இல் பிரிட்டனில் ஒரு ஆய்வு செய்தார்கள். அங்கே பேக்கர் என்பது தொழிலாகவும் இருக்கும், ஆள் பேராகவும் இருக்கும். முகத்தைக் காட்டி அதைத் தொழில் என்று சொன்னால் ஞாபகம் இருக்கிறது, பேர் என்று சொன்னால் வருவதில்லை, இத்தனைக்கும் சொல் ஒன்றுதான். ரொட்டி சுடுகிறவர் என்றால் அடுப்பு, மாவு, வாசனை என்று பிடித்துக்கொள்ள ஏதோ இருக்கிறது. வெறும் பேருக்கு அப்படி ஒன்றும் கிடையாது.

புளியமரத்தடி:
இதுக்கு ஏன் இவ்வளவு? மனசுக்குள்ளே அ, ஆ, இ என்று வரிசையாகச் சொல்லிப் பாருங்கள், அந்த எழுத்து வரும்போது பேர் தானாக விழும். வல்லாரையும் சாப்பிடுங்கள்.

ஓய்வுபெற்ற ரெப்:
எழுத்து வரிசை சிலநேரம் வேலை செய்யும், பேர் நாக்கு நுனியில் இருந்தால். ஆனால் தப்பான பேர் ஒன்று குறுக்கே வந்துவிட்டால் கஷ்டம். எனக்கு ஒரு தடவை "முருகேசன், முருகேசன்" என்றே வந்தது. அது இல்லை என்று எனக்கே தெரியும், ஆனாலும் நகரமாட்டேன் என்கிறது. விட்டுவிட்டு வேறு வேலை பார்த்தேன், ராத்திரி பல் தேய்க்கும்போது தணிகாசலம் என்று வந்து விழுந்தது. எதிரில் ஆள் நிற்கும்போது இதற்கெல்லாம் எங்கே நேரம்? வல்லாரை பற்றி நான் சொல்ல ஒன்றுமில்லை, துவையல் நன்றாக இருக்கும்.

கணக்கு டீச்சர்:
எங்கள் கதை வேறு. வருஷத்துக்கு நூற்றைம்பது பிள்ளைகள், எல்லாரும் வளர்ந்து மீசை வைத்துக்கொண்டு வந்து "மிஸ், எம் பேரைச் சொல்லுங்க பாப்போம்" என்கிறார்கள். நான் "எந்த வருஷம் டென்த்? பக்கத்துல யாரு உக்காந்திருந்தா?" என்று கேட்பேன், அதில் பாதி கிடைத்துவிடும். ஒருமுறை ஸ்டேஷனில் ஒரு இன்ஸ்பெக்டர் எழுந்து நின்றார். பேரும் தெரியவில்லை, வா என்பதா வாங்க என்பதா என்றும் தெரியவில்லை. "வாப்பா சார்" என்று சொல்லிவிட்டேன்.

சின்னமருமகள்:
நானும் வீட்டுக்காரரும் ஒரு ஏற்பாடு வைத்திருக்கிறோம். யாராவது பேச வந்து அவர் என்னை அறிமுகம் செய்யாமல் முழித்தால் பேர் மறந்துவிட்டது என்று அர்த்தம். உடனே நானே முன்னால் போய் "நான் இவரு வீட்டுக்காரி, நீங்க?" என்று கேட்டுவிடுவேன். சொந்தக்காரர் கூட்டத்தில் மட்டும் இது செல்லாது. கல்யாணமான புதிதில் ஒருவரிடம் இப்படிக் கேட்டேன், அவர் என் மாமனாரின் சொந்தத் தம்பி, அதுவும் எங்கள் கல்யாணத்தில் முன்வரிசையில் நின்றவர். அந்தப் பேச்சு இன்னும் ஓயவில்லை.

மேலத்தெரு:
எனக்கு அரை நிமிஷம் தாண்டி ஐந்து மாதம் ஆகிவிட்டதே ரெப் சார். நேற்று ஆபீஸ் 2 கூப்பிட்டார், மகளுக்கு வளைகாப்பாம், பத்திரிகை கொடுக்க ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வருகிறார். பத்திரிகையில் பேர் இருக்கும் இல்லையா? கீழே "தங்கள் அன்புள்ள பெற்றோர்" என்று மட்டும் போட்டிருந்தால் என்ன செய்வது?

சின்னமருமகள்:
மனைவியைக் கதவு திறக்கச் சொல்லுங்கள்.