பேருந்து நிலையத்தைச் சுற்றி ஒரு சிவப்பு வட்டம்: குடிநீர்ப் புகார் வரைபடம் குறித்த விவாதம்

குழாயடி: எங்கள் ஊர் ஈரோட்டுக்குப் பக்கத்தில் உள்ள ஒரு நகராட்சி. தண்ணீர் குறைவாக வருகிறது, கலங்கி வருகிறது என்று ஆறு மாதத்தில் எங்கள் குடியிருப்போர் சங்கத்துக்கு வந்த 384 புகார்களை QGIS-இல் வெப்ப வரைபடமாகப் போட்டேன். பேருந்து நிலையத்தருகே பெரிய சிவப்பு வட்டம் வருகிறது. அங்கே குழாயை மாற்றச் சொல்லி இந்தப் படத்தை இணைத்து மனுக் கொடுக்கலாமா?

நிலப்படக்காரர்: மனுவை ஒரு வாரம் தள்ளி வையுங்கள். நீங்கள் பதிவிட்ட படத்தைப் பார்த்தால், புள்ளிகளின் தோற்ற அமைப்பில் Heatmap என்பதைத் தேர்ந்தெடுத்து அப்படியே விட்டிருப்பதாகத் தெரிகிறது. அதில் ஆரம் தானாகவே 10 மில்லிமீட்டர் என்று இருக்கும். அது திரையின் மில்லிமீட்டரே தவிர தரையின் அளவு அல்ல. 1:25,000 அளவில் பார்க்கும்போது அந்த 10 மில்லிமீட்டர் தரையில் 250 மீட்டராகிறது, 1:5,000 வரை பெரிதாக்கினால் 50 மீட்டராகச் சுருங்குகிறது. ஆகவே ஒரே புகார்கள், பார்க்கும் தூரத்துக்கு ஏற்ப ஒரு முறை ஒட்டியும் ஒரு முறை பிரிந்தும் தெரியும். உச்ச மதிப்பும் தானியங்கியாகவே இருப்பதால், ஊரில் மொத்தம் பத்தே புகார் வந்திருந்தாலும் எங்காவது ஓரிடம் சிவந்துதான் தீரும்.

செயலாக்கக் கருவிப்பெட்டியில் Heatmap (Kernel Density Estimation) என்ற கருவி இருக்கிறது. அதை எடுத்து, ஆரத்தைத் தரை மீட்டரில் கொடுங்கள். அதற்கு முன் புள்ளிகளை மீட்டரில் அளக்கும் EPSG:32643 என்ற ஆயத்தொலைவு முறைக்கு மாற்றிவிட வேண்டும், இல்லாவிட்டால் ஆரத்தை டிகிரியாக எடுத்துக்கொள்ளும். (ஈரோடு, கோவை, திருப்பூர் நகரங்களுக்கு இந்த எண் பொருந்தும், 78 டிகிரி தீர்க்கரேகைக்குக் கிழக்கே இருக்கும் கரூர், நாமக்கல், சேலம் நகரங்களுக்கு 32644.)

இவற்றைவிட என்னை உறுத்துவது அந்த வட்டத்தின் வடிவம். உண்மையான திரட்சி தெருவின் போக்கில் நீண்டும் கோணலாகவும் வரும். காம்பஸ் வைத்து வரைந்தது போன்ற முழு வட்டம் வந்தால், பல புகார்கள் ஒரே ஆயத்தொலைவில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கின்றன என்று முதலில் சந்தேகப்பட வேண்டும். அப்படி மீட்டருக்கு மாற்றிய புள்ளிகளின் அட்டவணையில் இதை ஒரு புதிய புலமாகச் சேர்த்துப் பாருங்கள்:

```
count($id, group_by:=geom_to_wkt($geometry, 0))
```

ஒரே இடத்தில் எத்தனை புகார் குவிந்திருக்கிறது என்று சொல்லிவிடும்.

வார்டுக்கணக்கு: இவ்வளவு சுற்று எதற்கு என்று எனக்குப் புரியவில்லை. வார்டு வாரியாகப் புகார்களை எண்ணி, அந்த வார்டின் வீட்டு இணைப்புகளால் வகுத்தால் நூறு இணைப்புக்கு எத்தனை புகார் என்பது கிடைத்துவிடும். வீடுகள் நெருங்கியிருக்கும் இடத்தில் புகாரும் நெருங்கித்தான் இருக்கும். வெப்ப வரைபடம் பல நேரங்களில் மக்கள் நெருக்கத்தையே திருப்பிக் காட்டுகிறது. ஆணையரிடம் எடுத்துச் சென்றால் வார்டு எண்ணைத்தான் முதலில் கேட்பார்.

நிலப்படக்காரர்: இணைப்புகளால் வகுக்க வேண்டும் என்பதில் நீங்கள் சொல்வது முற்றிலும் சரி, ஐயா. ஆனால் வார்டு எல்லை பெரும்பாலும் சாலையின் நடுவில் ஓடுகிறது. ஒரு தெருக்குழாய் கெட்டால் கிழக்குப் பக்க வீடுகள் ஒரு வார்டிலும் மேற்குப் பக்க வீடுகள் இன்னொன்றிலும் எண்ணப்பட்டு, இரண்டு கணக்கிலும் கரைந்துவிடும். வீட்டு இணைப்புகளின் புள்ளிகள் கிடைத்தால் அதே ஆரத்தில், அதே கட்ட அளவில் அவற்றுக்கும் ஓர் அடர்த்திப் படம் செய்து, முதல் படத்தை இரண்டாவதால் வகுக்கலாம். ஊர்க்கோடியில் நான்கு இணைப்புக்கு இரண்டு புகார் வந்தாலே அந்த இடம் பற்றி எரிவது போலத் தெரியும் என்பதால், இணைப்பு மிகக் குறைந்த கட்டங்களை மட்டும் நீக்கிவிட வேண்டும்.

நொய்யல்கரை: திருப்பூரில் நாங்கள் பட்டபாட்டைச் சொல்கிறேன். சாக்கடை நாற்றம் பற்றி வந்த புகார்களை இப்படித்தான் வரைந்தோம். சிவந்த இடத்தில் போய்த் தேடினால் ஒன்றுமே இல்லை. நாற்றம் கிளம்பிய இடம் மேற்கே தள்ளி இருந்தது. காற்று கொண்டுவந்து சேர்த்த இடத்து மக்கள்தான் புகார் கொடுத்திருந்தார்கள். அதனால் இந்தப் படங்களை நம்பவே கூடாது என்பது என் கருத்து.

நிலப்படக்காரர்: உங்கள் அனுபவம் இங்கேயும் பொருந்தும், அம்மா, முடிவை மட்டும் ஏற்க முடியவில்லை. படம் காட்டுவது புகார் பிறந்த வாசலை. தண்ணீரிலும், மேட்டில் குழாய் கசிந்தால் கடைமடை வீட்டில்தான் அழுத்தம் குறையும். சிவந்த இடத்தில் தேடத் தொடங்கி, குழாய் வரும் திசையில் எதிர்த்து நடக்க வேண்டும் என்பதைத்தான் இது சொல்கிறது.

குழாயடி: நீங்கள் கொடுத்த வரியை ஓட்டினேன், அண்ணா. 57 புகார்கள் ஒரே புள்ளியில் இருக்கின்றன. பதிவேட்டை எடுத்துப் பார்த்தபோது, அத்தனை பேரும் முகவரியில் கதவு எண் சொல்லாமல் "பஸ் ஸ்டாண்டு பக்கம்" என்றே எழுதியிருக்கிறார்கள். முகவரியை ஆயத்தொலைவாக மாற்றியபோது எல்லாமே பேருந்து நிலையத்தின் மேல் போய் விழுந்திருக்கிறது. தொலைபேசியில் கேட்டு 19 பேரின் தெருவைக் கண்டுபிடித்துவிட்டேன். மீதி 38 புகார்களை நீக்கி, 346 புகார்களுக்கு 150 மீட்டர் ஆரமும் 10 மீட்டர் கட்டமும் வைத்து மறுபடி ஓட்டினேன். வட்டம் போய்விட்டது. இப்போது வாய்க்கால் ஓரத் தெருவில் ஒரு நீண்ட சிவப்புப் பட்டை தெரிகிறது. முதல் படத்தில் அது வெளிர் மஞ்சளாகத்தான் இருந்தது. உச்சப் புள்ளியில் மதிப்பு 20-க்குச் சற்று மேல் வருகிறது. அது புகார் எண்ணிக்கைதானா?

நிலப்படக்காரர்: எண்ணிக்கை அல்ல. Raw மதிப்பில், புகாரின் மேலேயே நிற்கும் கட்டத்துக்கு அந்தப் புகார் 1 தருகிறது. ஆரத்தின் பாதித் தூரத்தில் 0.56 தருகிறது, விளிம்பில் சுழியமாகிறது. அதனால் "இங்கே 20 புகார்" என்று மனுவில் எழுதாமல், அந்தப் பட்டைக்குள் விழும் புகார்களைத் தனியே எண்ணி எழுதுங்கள். 100, 250 மீட்டர் ஆரங்களிலும் ஓட்டிப் பாருங்கள். மூன்றிலும் அந்தத் தெரு நின்றால் நம்பலாம். நீக்கிய 38 புகார்களையும் மனுவில் குறிப்பிட வேண்டும். அவை பொய்ப் புகார்கள் அல்ல, இடம் தெரியாதவை.

குழாயடி: மூன்றிலும் நிற்கிறது. பட்டைக்குள் 31 புகார்கள், 12 வீடுகளிலிருந்து. ஒரே வீட்டிலிருந்து மட்டும் 9.

வார்டுக்கணக்கு: அப்படியானால் வீட்டுக்கு ஒன்றுதான் எண்ண வேண்டும். ஒருவர் விடாமல் தொலைபேசியில் அழைப்பதால் தெருவே கெட்டதாகிவிடாது.

நொய்யல்கரை: அந்த வீட்டில் கைக்குழந்தை இருக்கலாம், கலங்கிய தண்ணீரைக் காய்ச்சிக் காய்ச்சிச் சலித்திருக்கலாம். ஒன்பது முறை அழைத்ததையும் ஒரு முறை அழைத்ததையும் ஒன்றாக்குவது நியாயமாகத் தெரியவில்லை.

நிலப்படக்காரர்: ஒரு வீட்டுக்கு ஒரு வாரத்தில் ஒன்று என்று எண்ணுவது என் பழக்கம். அதே நாளில் மூன்று முறை அழைத்தது ஒன்றாகிவிடும், மூன்று மாதமாகத் தொடரும் குறை மறையாது. இதைவிட நல்ல வழி இருக்கக்கூடும். குழாய் தெரு வழியே ஓடுவதால், ஆகாயவழித் தூரத்துக்குப் பதிலாகத் தெருவழித் தூரத்தில் அடர்த்தி பார்ப்பதே முறை என்று வாதிடுபவர்களும் உண்டு. வாய்க்காலின் அக்கரை வீடுகளின் புகாரும் உங்கள் பட்டையில் கலந்திருக்கிறதா என்று பாருங்கள். அவை வேறு குழாயில் தண்ணீர் வாங்கும் வீடுகளாக இருக்கலாம்.

குழாயடி: கலந்திருக்கிறது. 31-இல் 6 புகார்கள் அக்கரையில் இருக்கின்றன. அந்தக் குழாய் எந்தத் தொட்டியிலிருந்து வருகிறது என்று வால்வு திறப்பவரிடம் நாளைக் காலை கேட்டுவிட்டு எழுதுகிறேன்.