புஷ் செய்துவிட்ட தவறான கமிட்டைத் திரும்ப எடுத்த அனுபவங்கள்

மாலைநேரம்: எல்லோரும் வேலை செய்யும் `develop` பிராஞ்சில் வரிக் கணக்கைக் குலைத்த ஒரு கமிட் ஏறிவிட்டது. போட்டவரே `reset --hard HEAD~1` கொடுத்து ஃபோர்ஸ் புஷ் செய்துவிட்டார். அது மறைந்தது. மறுநாள் காலையில் பார்த்தால் அதே கமிட் அதே எண்ணோடு பிராஞ்சில் இருக்கிறது! முந்தின மாலையே புல் செய்திருந்த இன்னொருவர், தன் வேலையோடு மறுபடி புல் செய்தபோது பழையதும் புதியதும் மெர்ஜ் ஆகி, அது அப்படியே ஏறிவிட்டது. அப்புறம் இப்படித்தான் முடித்தோம்:

```
git revert 4e91c2a
git push
```

யாருடைய நகலும் கலையவில்லை.

நள்ளிரவு_பில்ட்: ரீசெட்டைக் குறை சொல்லாதீர்கள். `--force-with-lease` போட்டிருந்தால் இது நடந்தே இருக்காது. நான் எப்போதும் அதைத்தான் போடுகிறேன்.

கொன்றை: நடந்திருக்கும். உங்களுக்குத் தெரியாமல் சர்வரில் யாராவது புதிதாகப் புஷ் செய்திருந்தால்தான் அது தடுக்கும். யார் ஏற்கெனவே புல் செய்து வைத்திருக்கிறார்கள் என்பது அதற்குத் தெரியாது. எடிட்டர் பின்னணியில் தானாக `fetch` செய்தால் அந்தத் தடுப்பும் போய்விடும்.

எனக்கு இன்னும் உறுத்துவது வேறு. எங்கள் டீமில் ஒருமுறை கெட்டது ஒரு மெர்ஜ் கமிட். அதற்கு `-m` இல்லாமல் ரிவர்ட் கொடுத்தால் கிட் மறுத்துவிடும். `git revert -m 1` கொடுத்துத் திருப்பினோம். சரியாக வந்தது. ஒரு வாரம் கழித்து, அதே பிராஞ்சில் பிழையைத் திருத்தி மறுபடி மெர்ஜ் செய்தார்கள். பெரிய அம்சம் அது, திரையில் வந்ததோ `1 file changed`. திருத்தம் மட்டும் வந்தது, மற்ற ஃபைல்கள் ஒன்றும் வரவில்லை. எந்தப் பிழைச் செய்தியும் இல்லை. பழைய கமிட்கள் வரலாற்றில் ஏற்கெனவே இருக்கின்றன, அதனால் கிட் அவற்றை மறுபடி எடுப்பதில்லை. ரிவர்ட் அந்த ஃபைல்களை நீக்கியதே தவிர, மெர்ஜ் நடந்ததை அழிக்கவில்லை. முதலில் அந்த ரிவர்ட் கமிட்டையே ரிவர்ட் செய்துவிட்டு, பிறகு மெர்ஜ் செய்ய வேண்டும்.

உப்புக்காற்று: எங்கள் டீமில் ஒரு ஏபிஐ சாவி கமிட்டில் போய்விட்டது. ரிவர்ட் செய்தும் `git log -p` கொடுத்தால் சாவி முழுசாகத் தெரிந்தது. அதற்கும் ரிவர்ட் போதும் என்கிறீர்களா?

கொன்றை: போதாது. சாவியை உடனே மாற்றுங்கள். ரீசெட் செய்தாலும் புல் செய்தவர்களிடம் இருக்கும்.

மாலைநேரம்: ரிவர்ட்டை ரிவர்ட் செய்தால் வரலாறு படிக்கவே குழம்புகிறதே. அதற்குப் பதில் `rebase --no-ff` கொடுத்து பிராஞ்சின் கமிட்களைப் புதிதாக உருவாக்கி மெர்ஜ் செய்யலாமே?

கொன்றை: அந்த பிராஞ்சை நீங்கள் ஒருவர் மட்டும் வைத்திருந்தால் செய்யலாம். எங்களுடையதில் மூன்று பேர் இருந்தார்கள், அதனால் நான் துணியவில்லை.