ரோஷனாராவின் காதலர்கள்: ஒரே ஒருவர் சொன்ன கதையை என்ன செய்வது?

தேன்மொழி:
எங்கள் சிற்றிதழுக்காக அவுரங்கசீப்பின் அக்கா ரோஷனாரா பற்றி ஒரு கட்டுரை எழுதுகிறேன். அவர் இரண்டு இளைஞர்களை ரகசியமாக அந்தப்புரத்துக்குள் வரவழைத்தார் என்று பிரெஞ்சு மருத்துவர் பெர்னியர் எழுதியிருக்கிறார். தனக்கு இதைச் சொன்னது அங்கே அடிமையாக இருந்த ஒரு வயதான பெண் என்றும் அவரே சொல்கிறார். இதைச் சேர்க்கலாமா? சேர்த்தால் எப்படி எழுதுவது?

பாண்டியன்:
தாராளமாகச் சேருங்கள். பெர்னியர் நாலு நாள் வந்து பார்த்துவிட்டுப் போன ஆள் இல்லை. அவுரங்கசீப்பின் அவையில் பெரிய பதவியில் இருந்த தானிஷ்மந்த் கானிடம் வருடக்கணக்கில் வேலை பார்த்தவர். இன்னொன்று, அதே காலத்தில் இங்கே இருந்த இத்தாலியர் மனுச்சியும் ரோஷனாராவின் காதலர்களைப் பற்றி எழுதியிருக்கிறார். இரண்டு பேர் சொல்லியாகிவிட்டது, அப்புறம் என்ன? அரசு செலவில் எழுதப்பட்ட பாரசீக வரலாறுகளில் இதையெல்லாம் எதிர்பார்க்க முடியுமா? அரசரின் அக்காவைப் பற்றி அப்படி எழுதியவன் உயிரோடு இருந்திருப்பானா?

சுவடி:
பாண்டியன், மனுச்சி எழுதியதை ஒருமுறை பெர்னியருக்குப் பக்கத்தில் வைத்துப் படித்துப் பாருங்கள். பெர்னியரிடம் இளைஞர்கள் இரண்டு பேர். மனுச்சியிடம் ஒன்பது பேர். பெர்னியர் கதையில் அந்த இளைஞர்கள் தோட்டத்தில் பிடிபடுகிறார்கள். மனுச்சி கதையில் அவுரங்கசீப்பின் மகள் அத்தையிடம் ஒருவனைத் தனக்குத் தரும்படி கேட்கிறாள், அத்தை மறுக்க, கோபத்தில் அப்பாவிடம் போய்ச் சொல்லிவிடுகிறாள். முடிவில் அவுரங்கசீப் அக்காவுக்கு விஷம் கொடுத்தார் என்கிறார். எண்ணிக்கை வேறு, வெளிப்பட்ட விதம் வேறு, முடிவு வேறு. ஒரே சம்பவத்தைப் பார்த்த இரண்டு சாட்சிகள் சின்ன விஷயங்களில் முரண்படலாம். இங்கே சம்பவமே ஒன்றாக இல்லை. இரண்டுக்கும் பொதுவாக மிஞ்சுவது ‘ரோஷனாராவுக்கு ரகசியக் காதலர்கள் உண்டு’ என்ற ஊர்ப்பேச்சு மட்டும்தான். அப்படி ஒரு பேச்சு டெல்லியில் இருந்தது என்பதற்கு இரண்டு ஆதாரம் இருக்கிறது, சரி. அது நடந்தது என்பதற்கு இல்லை.

தவிர, மனுச்சிக்கு பெர்னியரின் எழுத்து தெரியும். ஷாஜகானையும் மூத்த மகள் ஜஹானாராவையும் இணைத்து பெர்னியர் குறிப்பிட்ட வதந்தி கீழ்மட்டத்தார் பேச்சை நம்பி எழுதியது, உண்மையில்லை என்று, மன்னிப்புக் கேட்டுக்கொண்டே மறுக்கிறார். அப்படி மறுத்த அதே மனுச்சி, ஜஹானாராவுக்கு வேறு காதலர்கள் இருந்ததாகத் தானே கதை சொல்கிறார். கடைசிக் காலத்தை நம்ம சென்னையில் கழித்தவர் என்பதால் அவர்மேல் எனக்குத் தனிப் பிரியம் உண்டு, ஆனால் இந்த விஷயத்தில் அவரைச் சாட்சியாக ஏற்க முடியாது.

செல்வம்:
அவுரங்கசீப் கொடுங்கோலன், அப்பாவைச் சிறையில் வைத்தான், அண்ணனைக் கொன்றான். அவன் குடும்பத்தைப் பற்றி எழுத இவ்வளவு தயக்கம் எதற்கு?

தேன்மொழி:
அவர் எப்படிப்பட்டவர் என்பது என் கேள்வி இல்லை, செல்வம். தம்பி செய்ததற்காக அக்காவைப் பற்றி நிரூபிக்காத கதையை எழுத முடியுமா? சுவடி சார், அந்த வயதான பெண் அந்தப்புரத்துக்குள்ளேயே இருந்தவர். அவருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பு இல்லையா?

சுவடி:
இருக்கிறது. அதனால்தான் கதையை மொத்தமாக ஏற்கவும் வேண்டாம், மொத்தமாகத் தள்ளவும் வேண்டாம் என்கிறேன். துண்டு துண்டாகப் பிரித்து, எந்தத் துண்டு யாருக்குத் தெரிந்திருக்கும் என்று பாருங்கள்.

பெர்னியர் சொல்வது இது. போர்த்துகீசியக் கலப்பு வம்சாவளிப் பெண் ஒருத்தி, பல வருடமாக அந்தப்புரத்தில் அடிமை, உள்ளேயும் வெளியேயும் போய்வர அனுமதி பெற்றவள். அவள் சொன்னபடி, ரோஷனாரா ஓர் இளைஞனைச் சில நாட்கள் ஒளித்து வைத்திருந்தார். பிறகு இரவோடு இரவாக வெளியே கொண்டுபோய் விடும்படி பணிப்பெண்களிடம் ஒப்படைத்தார். அவர்கள் எதற்கோ பயந்து ஓடிவிட, அவன் தோட்டத்தில் தனியாக அலைந்து பிடிபட்டான். அவுரங்கசீப் அவனைத் துருவித் துருவி விசாரித்தார். சுவரேறிக் குதித்து வந்தேன் என்பதைத் தவிர அவன் எதையும் ஒப்புக்கொள்ளவில்லை. அப்படியானால் வந்த வழியே போ என்று உத்தரவானது. அந்தப்புரக் காவலர்கள் அதையும் மீறி, அவனைச் சுவரின் உச்சியிலிருந்து கீழே தள்ளிவிட்டார்கள். இரண்டாவது ஆள் வாசல் வழியாக வந்ததாகச் சொன்னான், அவனை வாசல் வழியாகவே அனுப்பிவிட்டு, காவலர்களுக்குக் கடுமையான தண்டனை கொடுத்தார்கள்.

அந்நியன் தோட்டத்தில் பிடிபட்டது, காவலர்கள் தண்டிக்கப்பட்டது எல்லாம் அரண்மனையில் பலருக்கும் தெரியக்கூடியவை. அந்தப் பெண்ணுக்கும் தெரிந்திருக்கலாம். ஆனால் ‘ரோஷனாரா சில நாட்கள் ஒளித்து வைத்திருந்தார்’ என்ற துண்டு? அது அந்தப் பணிப்பெண்களுக்குத்தான் தெரியும், அவர்கள் ஓடிவிட்டார்கள். அவர்கள் ஏன் ஓடினார்கள் என்பதுகூட பெர்னியருக்குத் தெரியவில்லை, ‘பிடிபட்டதாலோ, பயத்தாலோ, வேறு காரணத்தாலோ’ என்கிற மாதிரிதான் எழுதுகிறார். பிடிபட்டவன் இளவரசியின் பெயரைச் சொல்லவே இல்லை. இளைஞனையும் ரோஷனாராவையும் இணைக்கும் அந்த ஒரே கண்ணிக்கு இந்தக் கதைக்குள்ளேயே சாட்சி கிடையாது.

பாண்டியன்:
பெயரைச் சொல்லியிருந்தால் அவன் கதி என்ன ஆகியிருக்கும்? சொல்லாததை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது. பெர்னியரும் டாக்டர்தானே, சிகிச்சைக்காக அந்தப்புரத்துக்குள் போயிருக்கிறாரே, அவருக்கே கொஞ்சம் தெரிந்திருக்காதா?

சுவடி:
போனார், உண்மைதான். எப்படிப் போனார் என்றும் எழுதியிருக்கிறார். தலையிலிருந்து கால்வரை காஷ்மீர் சால்வையைப் போர்த்தி, குருடனை அழைத்துப் போவது போல ஒரு காவலர் கையைப் பிடித்துக் கூட்டிப்போனார். அந்த நிலையில் அவர் யாருடைய அறையில் யார் இருந்தார்கள் என்று பார்த்திருக்க முடியாது. பெயரைச் சொல்லாததற்கு நீங்கள் சொல்லும் காரணம் நியாயம்தான். அவன் மௌனம் ரோஷனாராவைக் குற்றமற்றவர் ஆக்காது. கதை சொன்னவருக்கு எப்படித் தெரிந்தது என்ற கேள்விக்கும் அதில் பதில் இல்லை.

மதுரை மீனாட்சி:
நான் வரலாறு படித்தவள் இல்லை. எங்கள் அப்பாவின் அத்தை சின்ன வயதில் கணவனை இழந்தவர், தனியாக மாவு மில் நடத்தினார். மில்லில் வேலை பார்த்த ஓர் ஆளோடு சேர்த்துப் பக்கத்துத் தெருப் பெண்மணி ஒருவர் பேசிவிட்டார். ஊரே அதைத் திருப்பித் திருப்பிச் சொன்னதால் நூறு பேர் பார்த்த மாதிரி ஆகிவிட்டது. கடைசிவரை அது அத்தைப் பாட்டியை விடவில்லை. இன்றும் குடும்ப விசேஷங்களில் யாராவது அதை எடுப்பார்கள். என்னைக் கேட்டால் இந்த மாதிரிக் கதையை எழுதவே கூடாது. ‘சொல்லப்படுகிறது’ என்று போட்டாலும் படிக்கிறவர் மனதில் கதைதான் நிற்கும்.

பாண்டியன்:
மீனாட்சி அம்மா, உங்கள் பாட்டிக்கு நடந்தது அநியாயம், மறுக்கவில்லை. ஆனால் ரோஷனாரா 1671-இல் இறந்தவர், இன்று யாருடைய கல்யாணமும் இதனால் நிற்கப்போவதில்லை. முகலாய இளவரசிகளின் தனி வாழ்க்கை பற்றி வதந்தி தவிர நமக்கு என்னதான் கிடைத்திருக்கிறது? அதையும் விட்டுவிட்டால் மிச்சம் ஒரு தோட்டமும் ஒரு கல்லறையும்தான். ஜஹானாரா விஷயத்தைப் பாருங்கள். பெர்னியருக்கு முன்பே, 1630-களின் ஆரம்பத்தில் ஆக்ராவில் இருந்த ஆங்கிலேய வணிகர் பீட்டர் மண்டி, ஷாஜகானுக்கும் மகளுக்கும் தகாத உறவு என்று எழுதிவிட்டார். அதையும் ஒரே ஆள் பேச்சு என்பீர்களா?

சுவடி:
மண்டி எழுதியது, ஆக்ராவில் வெளிப்படையாகப் பேசிக்கொண்டார்கள் என்பதை. கடைவீதிப் பேச்சு என்று அவரே சொல்லிவிடுகிறார். மகளின் பெயரைக்கூட ‘சிமினி பேகம்’ என்றுதான் எழுதுகிறார். அவரால் நமக்குக் கிடைப்பது வதந்தியின் வயது, அவ்வளவுதான். அந்த வயது முக்கியமான தடயம். 1631 ஜூனில் மும்தாஜ் இறக்கிறார். 17 வயது ஜஹானாரா அம்மாவின் இடத்துக்கு வருகிறார், அம்மாவின் சொத்தில் பாதி அவருக்கே போகிறது, அப்பா அவரைப் பிரிவதே இல்லை. திரைக்கு வெளியே இருந்த ஊருக்கு இதற்கு ஒரு விளக்கம் தேவைப்பட்டது. அந்த வதந்தி இந்தச் சமயத்தில் கிளம்பியது எனக்குத் தற்செயலாகத் தெரியவில்லை.

இன்னொரு விஷயம் எனக்கு ரொம்ப நாளாக உறுத்துவது. பெர்னியர் ஜஹானாரா பற்றி இரண்டு காதல் கதைகள் சொல்கிறார். ஒன்றில் காதலன் குளியலறைக் கொப்பரைக்குள் ஒளிய, ஷாஜகான் அடியில் நெருப்பு மூட்டச் சொல்கிறார். மற்றதில் நாஸர் கான் என்ற பிரபுவுக்குச் சபை நடுவே தன் கையால் வெற்றிலை கொடுக்கிறார், அவன் வீடு போய்ச் சேருமுன் பல்லக்கிலேயே சாகிறான். இந்த இரண்டுக்கும் யார் சொன்னார்கள் என்று ஒரு வரி கிடையாது. பெர்னியர் ஆக்ரா, டெல்லிப் பக்கம் வருவதற்கு முன்பே ஷாஜகான் சிறைக்குப் போய்விட்டார். வெற்றிலையில் விஷம் இருந்தது அரசருக்கும் அதை மடித்தவருக்கும் தெரிந்திருக்கும், மூன்றாவது ஆளுக்கு எப்படித் தெரியும்? ஆனாலும் இவை வரலாறாகவே வலம் வருகின்றன. சொன்னவர் யார் என்று நேர்மையாகக் குறிப்பிட்ட ரோஷனாரா கதையைத்தான் நாம் இங்கே அலசுகிறோம். கேட்டது யாரிடம் என்று எழுதியதற்காக பெர்னியரை நான் மதிக்கிறேன். அந்த வரியை வெட்டிவிட்டுக் கதையை மட்டும் எடுத்தாளுகிறவர்கள்தான் அதைக் கெடுக்கிறார்கள்.

தேன்மொழி, சேர்ப்பதானால் அந்தப் பெண்ணையும் சேருங்கள். அவளை நீக்கிவிட்டு ‘பெர்னியர் கூறுகிறார்’ என்று எழுதினால் ஒரு அடிமைப் பெண்ணின் பேச்சு மருத்துவரின் சாட்சியமாக மாறிவிடும்.

தேன்மொழி:
இப்படி எழுதிப் பார்த்தேன்: “அந்தப்புரத் தோட்டத்தில் அந்நிய ஆண்கள் இருவர் பிடிபட்டதாகவும், அவர்களை வரவழைத்தது ரோஷனாரா என்றும், அங்கே அடிமையாக இருந்த வயதான பெண் ஒருவர் பெர்னியரிடம் சொன்னார். பிடிபட்டவர்களில் ஒருவன் சுவரேறி வந்ததை மட்டுமே ஒப்புக்கொண்டான் என்பது அவர் சொன்ன கதையிலேயே இருக்கிறது. மனுச்சி எழுதியது இதனோடு பொருந்தாத வேறு கதை.” விஷம் வைத்த கதையைச் சேர்க்கவில்லை.

மதுரை மீனாட்சி:
நன்றாக இருக்கிறது. ஆனாலும் என் கருத்து மாறவில்லை, இது இல்லாமலேயே கட்டுரை நிற்கும். இதழாசிரியர் இதையே தலைப்பாக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பாண்டியன்:
எனக்கு அளவுக்கு மீறிய ஜாக்கிரதையாகப் படுகிறது. அரியணைப் போட்டியில் தம்பிக்காக அத்தனை வேலை செய்தவர் ரோஷனாரா. பிறகு ஏன் செல்வாக்கு இழந்தார்? காதல் விவகாரம் அதற்குப் பொருத்தமான காரணமாக இருக்கிறதே.

சுவடி:
1666 ஜனவரியில் ஷாஜகான் இறந்ததும் அவுரங்கசீப் ஜஹானாராவோடு சமாதானமாகி, அரண்மனைப் பெண்களில் முதலிடத்தை அவருக்கே கொடுத்துவிட்டார். ரோஷனாரா பின்னுக்குப் போக அது ஒன்றே போதும். காதல் விவகாரம் எதுவும் இருக்கவில்லை என்று இதனால் சொல்லிவிட முடியாது. ஆனால் அந்தச் சரிவை விளக்க அது தேவைப்படவில்லை.

பாண்டியன்:
தேவைப்படவில்லை என்பதற்காக நடக்கவில்லை என்று ஆகாது. பெர்னியரின் அந்தப் பகுதியை மறுபடி படித்துவிட்டு வருகிறேன்.