ஒரே ஆகர் துளை, ரெண்டு நாள், ரெண்டு K: உங்களுக்கும் இப்படி நடந்திருக்கா?

வரப்பு

வடிகால் குழாய் இடைவெளி கணக்குக்காக ஒரு வயல்ல K, அதாவது மண்ணு தண்ணியைக் கடத்துற வேகம், எடுக்கப் போனேன். நிலத்தடி நீர் ரொம்ப ஆழத்துல இல்லாத நிலம். 8 செ.மீ. விட்டம் உள்ள ஆகரால 160 செ.மீ. ஆழத்துக்குத் துளை போட்டேன். மேல களி கலந்த வண்டல், கீழ போகப் போகக் களி கூடுது.

துளை போட்டு ஒரு மணி நேரம் காத்திருந்து பார்த்தா, தரையிலிருந்து 85 செ.மீ.ல தண்ணி. அதையே நீர்மட்டம்னு எழுதிக்கிட்டு, பெய்லரால 110 வரைக்கும் இறைச்சேன். 5 செ.மீ. ஏற அஞ்சரை நிமிஷம் ஆச்சு. எர்ன்ஸ்ட் சூத்திரத்துல போட்டா நாளுக்கு 0.16 மீட்டர் வந்துது.

சந்தேகத்துக்கு ஒரு தடவை எடுத்துடலாம்னு மறுநாள் காலையில போனா, தண்ணி 70 செ.மீ.ல நிக்குது. ராத்திரி மழையும் இல்ல, பக்கத்துல பாசனமும் இல்ல. மறுபடி 110 வரைக்கும் இறைச்சேன். 5 செ.மீ. ஏற அஞ்சு நிமிஷம். அதாவது முந்தின நாளைவிடக் கொஞ்சம் வேகமாவே ஏறுச்சு. ஆனா K 0.11தான்! வேகம் கூடினா K குறையுமா? எதை ரிப்போர்ட்ல எழுதுறது?

கட்டாந்தரை

எனக்கும் இதே தலைவலி. துளை போட்டேன், சொட்டுத் தண்ணி வரல. அப்புறம் குடம் குடமா ஊத்தி, இறங்குற வேகத்தை அளந்து, உங்க சூத்திரத்துலயே போட்டேன். நம்பவே முடியாத எண் வந்துது. இந்த முறையே சரியில்லன்னு நினைக்கிறேன்.

நீர்க்கோடு

கட்டாந்தரை, நீங்க செஞ்சது வேற சோதனை. நீர்மட்டத்துக்கு மேல இருக்கிற மண்ணுல தண்ணி ஊத்தி இறக்கத்தை அளக்கிறதுக்குத் தனிக் கணக்கு இருக்கு. எர்ன்ஸ்ட் சூத்திரம் சுத்தியிருக்கிற நிலத்தடி நீர் துளைக்குள்ள வர்றதை வெச்சு எழுதினது. தண்ணியே இல்லாத இடத்துல அது என்ன செய்யும் பாவம்.

வரப்பு தம்பி, உங்க சிக்கல் முதல் நாள் 85லதான் இருக்கு. ஒரு மணி நேரத்துல தண்ணி நின்னுடுச்சான்னு பார்த்தீங்களா, இல்ல ஒரு மணி நேரம் ஆயிடுச்சுன்னு நீங்க நின்னுட்டீங்களா?

வரப்பு

ரெண்டாவதுதான் சார். ஒரே ஒரு தடவைதான் அளந்தேன்.

நீர்க்கோடு

அப்ப கணக்கைப் பிரிச்சுப் பார்த்துடலாம். நீங்க போட்டது இதுதானே:

```
K = 4000 r² / [(H + 20r)(2 − y/H) y] × Δy/Δt
```

r, H, y மூணும் செ.மீ.ல, ஏற்ற வேகம் வினாடிக்கு செ.மீ.ல போட்டா, K நாளுக்கு மீட்டர்ல வரும். இதுல r துளையோட ஆரம். H துளையோட அடி வரைக்கும், y துளைக்குள்ள இருக்கிற தண்ணி வரைக்கும், ரெண்டுமே நீர்மட்டத்திலிருந்து கீழ அளக்கிறது. நீர்மட்டத்தைத் தப்பா எழுதினா ரெண்டுமே சேர்ந்து தப்பாகும், அதுலயும் y தான் பலமா அடிக்கும்.

முதல் நாள் உங்க கணக்குல H 75. 25ல ஆரம்பிச்சு 20ல முடிச்சதால சராசரி y 22.5. ஆனா சுத்தியிருக்கிற மண்ணுல தண்ணி 70லதான் இருந்திருக்கு. துளைக்குள்ளதான் அது இன்னும் வந்து சேரல. தண்ணியை உள்ள தள்ளினது 22 செ.மீ. இல்ல, கிட்டத்தட்ட 37 செ.மீ. கம்மியா தள்ளுனதுக்கே இவ்வளவு வேகமா வந்துதுன்னு சூத்திரம் நம்பி, மண்ணுக்கு அதிக K கொடுத்துடுச்சு. வேகம் கூடினப்ப K குறைஞ்ச மாதிரி தெரிஞ்சது அதனாலதான்.

முதல் நாள் ஏற்றத்தையே H 90, சராசரி y 37.5 வெச்சுப் போடுங்க.

வரப்பு

போட்டேன் சார். 0.096 வருது. மறுநாள் 0.106. அப்ப ரெண்டும் ஒண்ணுதானா!

நீர்க்கோடு

ஏறக்குறைய ஒண்ணு. முதல் நாள் கொஞ்சம் குறையறதுக்கும் காரணம் இருக்கு. துளை போட்டப்பவே சுத்தியிருந்த தண்ணி உள்ள இறங்கி, துளையைச் சுத்தி நீர்மட்டம் புனல் மாதிரி தாழ்ந்திருக்கும். ஒரு மணி நேரத்துல அது முழுசா நிமிராது. அதனால நான் 0.096ஐ எழுத மாட்டேன், மறுநாள் எண்ணைத்தான் எழுதுவேன்.

K 1 மீட்டர் பக்கம் இருக்கிற மண்ணுல அரை மணி, ஒரு மணி நேரத்துல மட்டம் வந்து நின்னுடும். உங்களோடது அதுல பத்துல ஒரு பங்கு. அந்த மாதிரி மண்ணுன்னா நான் துளையைப் போட்டு, மூடி வெச்சுட்டு மறுநாள்தான் போவேன். போனதும் அளப்பேன், அரை மணி கழிச்சு இன்னொரு தடவை அளப்பேன். ரெண்டும் ஒண்ணா இருந்தாத்தான் பெய்லரையே கையில எடுப்பேன்.

இன்னொண்ணு. அளவைத் தரையிலிருந்து எடுக்காதீங்க. துளை வாயைச் சுத்தி நீங்களே மிதிச்சு மிதிச்சு ஒரு செ.மீ. கீழ போயிருக்கும். பக்கத்துல ஒரு குச்சியை அடிச்சு, அதுல ஒரு கோடு போட்டு, எல்லா அளவையும் அந்தக் கோட்டிலிருந்து எடுங்க.

ஸ்டாப்வாட்ச்

அஞ்சு நிமிஷ அளவெல்லாம் பத்தாதுங்க. நான் துளை பழைய மட்டத்துக்கு நிரம்புற வரைக்கும் உட்கார்ந்து அளப்பேன். அளவு எவ்வளவு கூடுதோ சராசரி அவ்வளவு நம்பகமா இருக்கும். அதோட ஒரு தடவை இறைச்சுட்டு உடனே அளக்கவும் கூடாது. களியில ஆகர் சுத்தும்போது சுவர் வழவழன்னு மெழுகினாப்புல ஆயிடும். ரெண்டு மூணு தடவை இறைச்சாத்தான் உள்ள வர்ற தண்ணியே அந்தப் பூச்சைத் தள்ளி விடும். என் துளை ஒண்ணுல முதல் இறைப்புல 0.4, அடுத்து 0.8, மூணாவதுல 1.05, நாலாவதுலயும் 1.05.

நீர்க்கோடு

ரெண்டாவதா சொன்னது முழுக்கச் சரி. சுவர் பூசியிருந்தா எண் ஒவ்வொரு இறைப்புக்கும் ஏறிக்கிட்டே போகும், அப்புறம் நிக்கும். நின்ன எண்தான் மண்ணோடது.

முதல்ல சொன்னதுல எனக்கு உடன்பாடு இல்ல. அந்த 1.05 துளையோட கடைசி அளவுகள் இருக்கா?

ஸ்டாப்வாட்ச்

நோட்டுல இருக்கு. ஆரம் 4, H 90. ஆரம்பத்துல 10 வினாடிக்கு ஒரு தடவை: 40.0, 38.3, 36.7, 35.0, 33.5, 32.0. கடைசியில 15ல இருந்து 12க்கு வர 60 வினாடி.

நீர்க்கோடு

முதல் 50 வினாடியை மட்டும் போட்டா 1.05 வருது. கடைசி 60 வினாடியை மட்டும் போட்டுப் பாருங்க, 0.75தான் வரும். அதே துளை, அதே மண்ணு. நிரம்ப நிரம்ப, துளையைச் சுத்தியிருக்கிற நீர்மட்டமும் உள்ள இறங்கி வந்துடுது. சூத்திரமோ அது அசையாம நிக்குதுன்னு எடுத்துக்குது. இறைச்ச ஆழத்துல கால் பங்கு ஏறினதும் நிறுத்திடணும்னு சொல்றது அதுக்காகத்தான். 40 இறைச்சா 10 செ.மீ. ஏறினதும் டேப்பைச் சுருட்டிடலாம். அதுக்கு மேல எடுக்கிற ஒவ்வொரு அளவும் உங்க சராசரியைக் கீழதான் இழுக்கும்.

ஒண்ணுக்கொண்ணு நேரம் விடாம இறைச்சாலும் இதே கதைதான். மட்டம் திரும்புறதுக்கு முன்னாடியே அடுத்த இறைப்பு போட்டா எண் இறங்கிக்கிட்டே போகும். ஏறுதுன்னா சுவர் சுத்தமாகுது, இறங்குதுன்னா நீங்க அவசரப்படுறீங்க. என் மனசுல இப்படித்தான் வெச்சிருக்கேன்.

ஸ்டாப்வாட்ச்

கால் பங்கு விதியைப் படிச்சிருக்கேன். ஆனா K குறைவான மண்ணுல புனல் மெதுவாத்தானே உருவாகும்? அங்க கொஞ்சம் தாண்டினா என்ன?

நீர்க்கோடு

மெதுவா உருவாகும், ஆனா தண்ணியும் மெதுவாத்தானே ஏறுது. ஒரே அளவு தண்ணி உள்ள வந்தா, சுத்தியிருக்கிற மண்ணு கொடுத்ததும் அதே அளவுதான். அதனால நேரத்தைப் பார்க்காம ஏற்றத்தைப் பார்த்துத்தான் நிறுத்தணும்.

ஈரமண்

எனக்கு நேர் எதிர்ப் பிரச்சினை. மணல். இறைச்ச உடனே பக்கச் சுவர் பொலபொலன்னு சரிஞ்சு, 140 ஆழத் துளை 100 ஆயிடுச்சு. நானும் கவனிக்காம H-ஐப் பழைய ஆழத்துக்கே போட்டேன். இப்பல்லாம் ஓட்டை போட்ட குழாயை உள்ள விட்டுட்டுத்தான் இறைக்கிறேன், அளந்து முடிச்சதும் அடி ஆழத்தை இன்னொரு தடவை பார்த்துடுவேன். ஆனா மணல்ல தண்ணி வர்ற வேகத்துக்கு டேப்பும் மிதவையும் வெச்சு ஒத்தை ஆளா அளக்க முடியல. ஒருத்தர் கத்தணும், ஒருத்தர் எழுதணும்.

வரப்பு

நீர்க்கோடு சார், இன்னொரு சந்தேகம். துளையோட அடி எனக்குக் கெட்டிக் களியில முட்டுது. கீழ தண்ணி போகாத அடுக்கு துளை அடியிலயே இருந்தா வேற சூத்திரம்னு சொல்றாங்களே?

நீர்க்கோடு

ஆமா. அப்ப 4000க்குப் பதிலா 3600, 20r இருக்கிற இடத்துல 10r. உங்க மறுநாள் அளவுக்கு அதைப் போட்டா 0.106 போய் 0.124 ஆகும். அடிப்பக்கத்திலிருந்து தண்ணி வரல, பக்கவாட்டிலிருந்து மட்டும் இவ்வளவு வந்துதுன்னா மண்ணு இன்னும் நல்லாக் கடத்தியிருக்கணும்னு அர்த்தம். வித்தியாசம் ஆறுல ஒரு பங்குதான். முதல் நாள் 85ஐ நம்பியிருந்தா 0.16 எழுதியிருப்பீங்க, அது ஒண்ணரை மடங்கு. குழாய் இடைவெளி K-யோட வர்க்கமூலத்தை ஒட்டிப் போகும், 20 மீட்டர்ல வர வேண்டியது 24 மீட்டரைத் தாண்டியிருக்கும்.

ஆனா உங்க களி உண்மையிலேயே தண்ணி விடாததா, மெதுவா விடுறதான்னு இந்த ஒரு துளை சொல்லாது. மேல் அடுக்குக்குள்ளயே நிக்கிற மாதிரி ஆழம் குறைஞ்ச துளை ஒண்ணைப் பக்கத்துல போட்டு அளந்தாத்தான் ரெண்டு அடுக்கையும் பிரிக்க முடியும்.

வரப்பு

அந்தத் துளையும் போட்டுட்டேன் சார், 5 மீட்டர் தள்ளி, 110 ஆழத்துல. ராத்திரி முழுக்க விட்டு, மட்டம் நின்னதைப் பார்த்து, மூணு தடவை இறைச்சு, கால் பங்குல நிறுத்திட்டேன். 0.7 வருது! மூணு தடவையும் அதேதான்.

ஈரமண்

டார்ச் அடிச்சுச் சுவரைப் பார்த்தீங்களா? எனக்கு ஒரு தடவை பழைய வேர் மக்கிப்போன தடம் ஒண்ணு துளைக்குள்ள திறந்திருந்துது, அதுலிருந்து குழாய் மாதிரி கொட்டுச்சு. அந்தத் துளையைக் கணக்குல இருந்து தூக்கிட்டேன்.

ஸ்டாப்வாட்ச்

ஏன் தூக்கணும்? வடிகால் குழாய்க்கும் தண்ணி அந்தத் தடம் வழியாத்தானே போகப்போகுது. வயல்ல இருக்கிறதுதான் K.

நீர்க்கோடு

இதுல எனக்கும் தீர்மானமா ஒரு பக்கம் நிக்க முடியல. ஒரு துளை சொல்றது தன்னைச் சுத்தி 30, 50 செ.மீ. மண்ணைப் பத்தி மட்டும்தான். 0.7 மேல் அடுக்கோட குணமா, ஒரே ஒரு தடத்தோட வேலையான்னு தெரிய அதே 110 ஆழத்துல இன்னும் மூணு நாலு போடுங்க. சுவரைப் பார்த்துட்டு அளவையும் இங்க போடுங்க.

வரப்பு

டார்ச் அடிச்சுப் பார்த்தேன். 95 செ.மீ.ல, ஒரு பக்கம் மட்டும், பென்சில் கனத்துக்கு ஒரு ஓட்டை. அதுலிருந்து தண்ணி கசியறது கண்ணுக்கே தெரியுது. நாளைக்கு இன்னும் நாலு துளை.