கலைச்சொல்: சேமித்த மடலைத் திறத்தலும் முழு மடலை இணைத்தலும்

செல்வி எழுதியது:

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

தண்டர்பேர்டு அஞ்சல் செயலியின் பட்டிச் சொற்களைத் தமிழாக்கிக்கொண்டிருக்கையில் இரண்டு சரங்களில் நின்றுவிட்டேன். ஒன்று, கோப்புப் பட்டியில் `Open` என்பதன்கீழ் வரும் `Saved Message…`. வட்டில் தனிக் கோப்பாகச் சேமித்து வைத்திருக்கும் `.eml` கோப்பைத் திறப்பதற்கான கட்டளை இது. மற்றொன்று, `Forward As` என்பதன்கீழ் வரும் `Attachment`. வந்த மடலின் எழுத்துகளைப் புதிய மடலில் ஒட்டாமல், அந்த மடலையே முழுதாக இணைத்து அனுப்புவது இதன் வேலை.

முந்தைய தமிழாக்கத்தில் முதலாவதற்குச் ‘சேமித்த செய்தி’ என்றும், இரண்டாவதற்கு ‘இணைப்பாக’ என்றும் உள்ளன. ‘செய்தி’ எனக்கு உறுத்துகிறது; அரட்டைச் செயலிகள் அச்சொல்லை முழுதாக எடுத்துக்கொண்டுவிட்டன. ‘இணைப்பாக’ என்பதிலோ எது இணைகிறது என்பது தெரியவில்லை. மேலும் ‘இணைப்பு’ என்ற ஒரே சொல் வலைத்தொடுப்புக்கும் பிணையத் தொடர்புக்கும் கோப்பு இணைப்புக்கும் சேர்த்து உழைக்கிறது. மாற்றலாமா, மாற்றுவதானால் எப்படி என்று உங்கள் கருத்தை வேண்டுகிறேன்.

முருகேசன் எழுதியது:

செல்வி அவர்களுக்கு,

இருப்பதை மாற்ற வேண்டாம் என்பதே என் கருத்து. `.eml` என்பதும் படம், ஆவணம் போல ஒரு கோப்புதான். மடலை முதலில் வட்டில் சேமித்து, பிறகு அக்கோப்பைப் புதிய மடலில் இணைத்தாலும் இதே பலன்தான் கிடைக்கும்; அந்த இரண்டு படிகளை இந்தக் கட்டளை ஒரே சொடுக்கில் செய்து தருகிறது. எல்லா இணைப்புகளையும் போல இதுவும் பேஸ்64 குறியாக்கத்தில்தான் செல்லும். அவ்வாறிருக்க, இதற்கெனத் தனிச்சொல் படைப்பது பயனருக்கு வீண் சுமை. ‘செய்தி’யை மட்டும் ‘மின்னஞ்சல்’ என்று மாற்றினால் போதும்.

நாச்சியார் எழுதியது:

வணக்கம். இங்கே `.eml` பற்றிப் பேசுவதால் கேட்கிறேன். பழைய கணினியை விடும்முன் முக்கியமான மடல்களைத் தனித்தனிக் கோப்புகளாகச் சேமித்து வைத்தேன். இப்போது இருமுறை சொடுக்கினால் அவை எழுத்துத் தொகுப்பியில் திறக்கின்றன. மேலே ஒரு பக்கத்துக்கு ஆங்கிலத் தலைப்பு வரிகள். தமிழ் இருக்க வேண்டிய இடமெல்லாம் `4K6u4K6f` என்பது போன்ற எழுத்துகள். ஒருங்குறிக்கு முந்தைய எழுத்துருவில் சேமித்துவிட்டேனோ என்று எழுத்துரு மாற்றிகளில் எல்லாம் இட்டுப் பார்த்தேன்; பலனில்லை. கோப்புகள் கெட்டுவிட்டனவா? இதைச் சரிசெய்யும் கட்டளைக்குத்தான் தமிழ்ப்பெயர் தேடுகிறீர்களா?

இளங்கோ எழுதியது:

நாச்சியார் அம்மையாருக்கு முதலில்: கோப்புகள் கெடவில்லை, எழுத்துருச் சிக்கலும் இல்லை. மடலின் தலைப்பு வரிகள் வெறும் அஸ்கி எழுத்துகளாகவே பயணிக்க வேண்டும் என்பது பழைய விதி. ஆகவே தமிழ்ப் பொருள்வரி கீழே உள்ளதுபோல் குறியாக்கப்படுகிறது.

```
Subject: =?UTF-8?B?4K6u4K6f4K6y4K+N?=
```

இது ‘மடல்’ என்ற சொல்தான். யுடிஎஃப்-8இல் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட்டு. பேஸ்64 மூன்று பைட்டுகளை நான்கு எழுத்துகளாக்குகிறது. தமிழ்க் குறிகளின் பைட்டுகள் எல்லாம் ஒரேவிதமாகத் தொடங்குவதால், இடைவெளியோ நிறுத்தக்குறியோ குறுக்கிடாத வரை நான்கெழுத்துக்கு ஒருமுறை `4K` வந்துகொண்டே இருக்கும். அதைக் கண்டால் உள்ளே தமிழ் நலமாக இருக்கிறது என்று கொள்ளலாம். அஞ்சல் செயலியின் கோப்புப் பட்டிக்குச் சென்று `Open`, பிறகு `Saved Message…` கொடுத்து அக்கோப்பைக் காட்டுங்கள். மடல் மடலாகவே திறக்கும். பட்டியலில் கோப்பு தென்படவில்லை என்றால் அதன் பெயர் `.eml.txt` என்று முடிகிறதா எனப் பாருங்கள். விண்டோஸ் பின்னொட்டை மறைத்துவிடுவதால் இது எளிதில் கண்ணில் படாது. தொகுப்பியில் திறந்த கோப்பை அங்கேயே சேமித்துவிட மட்டும் வேண்டாம். சில தொகுப்பிகள் கோப்பின் தொடக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத ஒரு குறியைச் சேர்த்துவிடும். அதன்பின் முதல் தலைப்பு வரியைச் செயலியால் அடையாளம் காண முடியாமல் போகலாம்.

திறந்து பார்ப்பதால் மட்டும் அம்மடல் எந்த அடைவிலும் சேர்ந்துவிடுவதில்லை என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். சாளரத்தை மூடினால் கோப்பு வட்டில் இருந்த இடத்திலேயே இருக்கும். அடைவில் வேண்டுமென்றால், திறந்த சாளரத்திலிருந்து தனியே படியெடுக்க வேண்டும். செல்வி அவர்களே, இந்தக் காரணத்தால்தான் ‘இறக்குமதி’, ‘மீட்டெடு’ போன்ற சொற்கள் இக்கட்டளைக்குப் பொருந்தா. ‘திற’ என்பதே சரி.

இனி முருகேசன் ஐயாவின் கருத்துக்கு வருகிறேன். சேமித்து இணைப்பதும் முழுதாக இணைப்பதும் பல வேளைகளில் ஒன்றாகத் தோன்றும் என்பது உண்மை. ஆனால் செல்லும் வடிவத்தில் வேறுபாடு வரக்கூடும். முறைப்படி இணைத்த மடலின் உள்ளமைப்பு இது:

```
Content-Type: multipart/mixed; boundary="b1"
Content-Transfer-Encoding: 8bit

--b1
Content-Type: text/plain; charset=UTF-8
Content-Transfer-Encoding: 8bit

உள்ளே உள்ள மடலைப் பார்க்கவும்.
--b1
Content-Type: message/rfc822
Content-Disposition: attachment

From: a@example.org
Message-ID: <17@example.org>
Subject: =?UTF-8?B?4K6u4K6f4K6y4K+N?=
```

`message/rfc822` என்ற வரிக்குக் கீழே இன்னொரு மடல் தன் சொந்த அனுப்புநர், பொருள்வரி, அடையாள எண்ணோடு முழுதாக அமர்ந்திருக்கிறது. இந்தப் பகுதிக்குப் பேஸ்64 கூடாது என்று 1996இல் வந்த ஆர்எஃப்சி 2046 என்ற தர ஆவணம் தெளிவாகத் தடுக்கிறது. ஆனால் சில செயலிகளும் வலைப்படிவங்களும், வட்டிலிருந்து எடுத்த `.eml` கோப்பை இன்னதென்று அறியாமல் `application/octet-stream` என்று பெயரிட்டுப் பேஸ்64இல் சுற்றி அனுப்புகின்றன. பெறுபவருக்கு அது மடலாகத் தெரியாது. பதிவிறக்க வேண்டிய ஏதோ ஒரு கோப்பாகவே தெரியும். அளவும் கூடும். மூல மடலில் 15 எம்பி படங்கள் இருந்தால் அவை முன்பே 20 எம்பி ஆகியிருக்கும். மறுபடி சுற்றினால் ஏறத்தாழ 27 எம்பி. 25 எம்பி வரம்புள்ள வழங்கியில் அது திரும்பி வந்துவிடும்.

இச்சொல்லை நான் பொருட்படுத்துவதற்கு வேறொரு காரணமும் உண்டு. நான் அஞ்சல் வழங்கி ஒன்றைப் பராமரிப்பவன். வங்கியின் பெயரில் போலி மடல் வந்தது என்று ஒருவர் முறையிடுவார். அதை அனுப்புங்கள் என்பேன். அவர் வழக்கம்போல் முன்னனுப்புவார். எனக்கு வந்து சேர்வது அனுப்புநர், நாள், பொருள் என்ற மூன்று நான்கு வரிகளும் உடலும்தான். எந்தெந்த வழங்கிகள் வழியாக வந்தது என்று சொல்லும் `Received` வரிகளும், அனுப்பிய களத்தின் கையொப்பமான `DKIM-Signature` வரியும் அவருடைய பெட்டியிலேயே தங்கிவிடும். அவை இன்றி நான் எதையும் சரிபார்க்க இயலாது. ‘இணைப்பாக அனுப்புங்கள்’ என்று எழுதினால், திரைப்பிடிப்பு ஒன்றை இணைத்து அனுப்புகிறார்! குறை அவருடையது அன்று. நம் சொல் அப்படித்தான் புரிந்துகொள்ளச் செய்கிறது.

ஆகவே ‘முழுமடலாக இணைத்து அனுப்பு’ என்று பரிந்துரைக்கிறேன். `.eml` கோப்புக்கு ‘மடற்கோப்பு’.

முருகேசன் எழுதியது:

பேஸ்64 பற்றிய திருத்தத்தை ஏற்கிறேன். எனினும் ‘முழுமடல்’ என்பதில் தயக்கம் நீங்கவில்லை. சாதாரணமாக முன்னனுப்பும்போதும் பயனரின் கண்ணுக்கு முழு மடலும்தானே போகிறது? அவர் தலைப்பு வரிகளை ஒருநாளும் பார்த்ததில்லை. ‘முழு’ என்ற அடை, எது குறைகிறது என்பதை முன்பே அறிந்தவருக்கு மட்டுமே பொருள் தரும். பட்டியின் அகலத்தையும் எண்ண வேண்டும். மூன்று சொற்கள் கொண்ட பட்டி உருப்படியைச் சிறுதிரையில் செயலி வெட்டிவிடும்.

உள்ளே இருக்கும் மடலுக்கு ‘உள்மடல்’ என்றால் என்ன? ‘உள்மடலாக அனுப்பு’ என்பது இரண்டே சொல்.

செல்வி எழுதியது:

‘உள்மடல்’ எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் `Forward As` என்பதன்கீழ் `Inline` என்ற உருப்படியும் இருக்கிறது. அதற்கு முந்தைய தமிழாக்கம் ‘உள்ளே’ என்று தந்திருக்கிறது! இரண்டும் அடுத்தடுத்து வரும்போது எது எதுவென்று யாருக்கும் புரியாது. `Inline` என்பதை ‘உரையாக’ என்று மாற்றினால் ‘உரையாக’, ‘உள்மடலாக’ என்று இரண்டும் பிரிந்து நிற்கும். ‘முன்னனுப்பு’ என்பது மேற்பட்டியிலேயே வருவதால் அகலச் சிக்கலும் இல்லை.

இளங்கோ எழுதியது:

‘உரையாக’ மிகப் பொருத்தம். அங்கு நடப்பது அதுவே. ‘உள்மடல்’ என்பதையும் ஏற்கலாம். இன்னொரு நன்மையையும் சேர்த்துச் சொல்கிறேன். இணைத்த மடலைச் சொடுக்கித் தனிச் சாளரத்தில் திறந்து, அங்கேயே மறுமொழிப் பொத்தானை அழுத்தினால், மறுமொழி அதை உங்களுக்கு அனுப்பியவருக்குப் போகாது. உள்ளே இருக்கும் மடலை எழுதியவருக்கே போகும். போலி மடலை ஆய்வுக்கு வாங்கியவர் ‘கிடைத்தது, நன்றி’ என்று மோசடிக்காரருக்கே எழுதிவிட நேரும். ‘உள்மடலுக்கு மறுமொழி’ என்று எச்சரிக்கைச் சரம் ஒன்றை எழுத வேண்டி வந்தால் இச்சொல் கைகொடுக்கும். ‘இணைப்புக்கு மறுமொழி’ என்பதில் பொருளே இல்லை.

ஆனால் உதவிப் பக்கத்தில் ‘முழு’ என்ற அடை வேண்டும் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். அனுப்பியவை அடைவிலிருந்து நீங்களே எழுதிய மடல் ஒன்றை உள்மடலாக அனுப்பும்போது, அந்தப் படியில் மறைநகல் பெறுநர்களின் வரியும் இருக்கக்கூடும். அதுவும் சேர்ந்தே போகும். உரையாக முன்னனுப்பிப் பழகியவர் இதை எதிர்பார்க்கமாட்டார்.

நாச்சியார் எழுதியது:

நன்றி. திறந்துவிட்டது, தமிழ் ஒழுங்காக வருகிறது. இரண்டு கோப்புகள் மட்டும் `.txt` என்றுதான் முடிந்திருந்தன, பெயர் மாற்றியதும் திறந்தன. கேட்டது வேறாக இருந்தாலும் ஒன்று சொல்லலாம் அல்லவா? ‘மடற்கோப்பு’ என்று பட்டியில் இருந்திருந்தால் நான் அதைச் சொடுக்கியிருப்பேன். ‘சேமித்த செய்தி’ என்பதை வரைவு மடல்களுக்கானது என்று நினைத்துத் தொடாமலே விட்டேன்.

செல்வி எழுதியது:

அது எனக்குத் தோன்றாத பார்வை. வரைவுகளையும் செயலி ‘சேமித்தது’ என்றே சொல்கிறது என்பதால் குழப்பம் இயல்புதான். அப்படியானால் `Saved Message…` என்பதற்கு ‘மடற்கோப்பு…’ என்று மட்டும் இட்டு, ‘சேமித்த’ என்பதை விட்டுவிடுகிறேன். மேற்பட்டியில் ‘திற’ இருக்கிறது. ‘உரையாக’, ‘உள்மடலாக’ என்ற இரண்டையும் பரிந்துரை நிலையில் ஏற்றுகிறேன்.

‘மடல்’ என்பதா ‘மின்னஞ்சல்’ என்பதா என்பது செயலி முழுவதையும் தொடுவதால் அதை இவ்விழையில் முடிக்க இயலாது. முருகேசன் ஐயா ‘மின்னஞ்சல்’ பக்கம் நின்றால் ‘உள்மின்னஞ்சல்’ என்று ஆகிவிடும் என்பதை மட்டும் கவனிக்க வேண்டுகிறேன்.

முருகேசன் எழுதியது:

கவனித்தேன். அந்த ஒரு சொல்லுக்காக ஏனைய இடங்களில் எல்லாம் ‘மின்னஞ்சல்’ என்பதை விட்டுக்கொடுக்க நான் இன்னும் ஆயத்தமாக இல்லை. தனி இழையில் எழுதுகிறேன்.