லீவு சொல்ல மேனேஜரே இல்ல, ஹெல்ப் சாட்ல டிக்கெட் போட்டா போதுமா?

சைக்கிள்காரன்: மார்ச் 3லருந்து 23 வரைக்கும் ஓட்ட முடியாது, தங்கச்சி கல்யாணம். டெலிவரி ஆப்ல லீவு பட்டனே காணோம். எழுத்துல யார்கிட்ட சொல்றது?

வேகம்77: யார்கிட்டயும் சொல்லாத. ஆஃப்லைன் போட்டுட்டு கிளம்பு. நாம பார்ட்னர்யா, கூலி இல்ல.

பழைய பைக்: வந்துட்டாருய்யா பார்ட்னர். ஸ்லாட் புக் பண்ற ஆப்னா, புக் பண்ணத கேன்சல் பண்ணாம ஆஃப்லைன் போனா நோ-ஷோ விழும், ஸ்கோர் இறங்கும். தம்பி, முதல்ல ஸ்லாட்டையெல்லாம் கட்-ஆஃப்க்கு முன்னாடி கேன்சல் பண்ணிடு, வாராவாரம் தானா புக் ஆகுற மாதிரி வச்சிருந்தா அதையும் நிறுத்து. அப்புறம் நீ சைன் பண்ண ஒப்பந்தத்த தேடி எடு, அறிவிப்புகள்னு ஒரு பிரிவு பெரும்பாலும் கடைசி பக்கத்துல கெடக்கும், அதுல இருக்கிற முகவரிக்கு, ஆப்ல பதிஞ்ச மெயில்லருந்தே எழுது. ஹெல்ப் சாட்ல போடுற டிக்கெட்ட சாட்பாட் உடனே மூடிடும், அது நோட்டீஸே இல்ல.

டெலிவரி அக்கா: மூடினா என்னங்க? டிக்கெட் நம்பர் இருக்கு, தேதி இருக்கு. எனக்கு ஐடி முடங்கினப்ப அப்பீல்ல அந்த ஸ்கிரீன்ஷாட்டதான் காட்டினேன், திறந்து விட்டாங்க.

பழைய பைக்: உங்க அதிர்ஷ்டம்க்கா. மூடின டிக்கெட்டுக்குள்ள போய் பாருங்க, 'ஆப்பை அப்டேட் செய்யவும்'னு பதில் இருக்கும். நீங்க சொன்னத ஒருத்தனும் படிக்கல.

டெலிவரி அக்கா: மெயில மட்டும் விழுந்து விழுந்து படிக்கிறாங்களோ! இன்சூரன்ஸ் திரெட்லயும் இதே மாதிரிதான் அடம் பிடிச்சீங்க.

மழைக்கோட்டு: எனக்கு போன வார இன்சென்டிவ் வரல, அதுக்கும் இந்த மெயிலுக்கே எழுதலாமா?

பழைய பைக்: அது வேற கதை, தனி திரெட் போடுங்க. அக்கா, படிக்கிறாங்கன்னு நான் எங்க சொன்னேன், அவங்களே காட்டின முகவரிக்கு போனா பின்னாடி 'எங்களுக்கு தெரியாது'ன்னு சொல்றது கஷ்டம், அவ்ளோதான். தம்பி, இப்படி எழுது: 'என் ஐடி இது. மார்ச் 3 முதல் 23 வரை லாகின் செய்ய மாட்டேன். வேலையை விடவில்லை, கணக்கை முடக்க வேண்டாம். எத்தனை நாள் வராவிட்டால் முடங்கும் என்று தெரிவிக்கவும்.' இது அனுமதி கேக்குறது இல்ல, அதனால பதிலுக்கு காத்திருக்காத. லைசென்ஸ் நடுவுல காலாவதி ஆகுதான்னும் பாத்துக்க, நோட்டீஸ் குடுத்திருந்தாலும் அதுக்கு தனியா பிளாக் விழும்.

வேகம்77: லீவு லெட்டர் எழுதுற பார்ட்னர், நல்லா இருக்குய்யா.

பழைய பைக்: நோ-ஷோ விழுந்து கதறிட்டு வருவ, அப்ப பேசுவோம்.

சைக்கிள்காரன்: அண்ணே, அனுப்பிட்டேன். உடனே தானா ஒரு பதில் வந்துச்சு, 'உங்கள் டிக்கெட் எண்'னு போட்டு.

டெலிவரி அக்கா: ஆஹா! டிக்கெட்!

பழைய பைக்: அது மெயில்ல வந்த டிக்கெட்டுக்கா, சாட் டிக்கெட் இல்ல. வேற வேற.

டெலிவரி அக்கா: ஆமாமா, ரொம்ப வேற.