எண்ணி முடியாத நோட்டுக் கட்டு: லீவு நாளில் ஏன் இந்தக் கனவு?

தும்பி:
நான் காசாளர். கணக்கு முடிக்கும் காலத்தில் வீடு திரும்ப ராத்திரி ஆகிவிடும், 5 மணி நேரத் தூக்கம் கிடைத்தாலே பெரிது. அந்தச் சமயத்தில் ஒரே கனவுதான். எதிரே ஒரு நோட்டுக் கட்டு. எண்ணுகிறேன். எழுபதைத் தாண்டியதும் எண் நழுவிவிடும், மறுபடி ஒன்றிலிருந்து தொடங்குவேன். பின்னால் யாரோ காத்திருக்கிறார்கள், முகம் தெரியாது. எனக்குப் புரியாதது என்னவென்றால், வேலை நெரிக்கும் நாட்களில் இது வருவதில்லை. லீவு கிடைத்து நிம்மதியாகத் தூங்கும் அன்றைக்கு, விடிகிற நேரத்தில் வருகிறது. வேறு யாருக்காவது இப்படி உண்டா?

மழைக்காகம்:
எனக்குக் காய்ச்சல் வந்தால் உண்டு. சுவரிலுள்ள கட்டங்களை எண்ணிக்கொண்டே இருப்பேன், முடியவே முடியாது. உடம்புச் சூட்டைப் பாருங்கள், தும்பி. வேலையைக் காரணம் சொல்ல வேண்டாம் என்று நினைக்கிறேன்.

கரிசல்:
காய்ச்சல் இல்லாமலும் வரும். பகலில் பாதியில் விட்டதை மூளை ராத்திரி முழுக்க செய்து முடிக்கப் பார்க்குது. அதனால்தான் எழுந்ததும் அசதி. ரெண்டு ஷிஃப்ட் பார்த்த மாதிரி.

வைகறை:
தூக்கப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறேன். தலையில் ஒயர் ஒட்டிப் படுத்தவர்களின் பதிவை விடிய விடியப் பார்ப்பதுதான் என் வேலை, அதை வைத்துச் சொல்கிறேன்.

கரிசல் சொன்னதில் பாதி சரி. பகலில் திரும்பத் திரும்பச் செய்தது தூக்கத்தில் தலைகாட்டும். 2000-இல் தூக்க ஆய்வாளர் ஸ்டிக்கோல்ட் குழுவினர், மேலிருந்து கட்டைகள் விழும் டெட்ரிஸ் கணினி விளையாட்டை விளையாட வைத்துப் பார்த்தார்கள். கண் அயரும்போது பலருக்குக் கட்டைகள் விழுவது தெரிந்தது. விளையாடியதே நினைவில் தங்காத மறதி நோயாளிகள் சிலருக்கும் தெரிந்தது. ஆனால் ராத்திரி முழுக்க அந்த வேலை நடப்பதில்லை. தெளிவான கனவு பெரும்பாலும் ரெம் தூக்கத்தில், அதாவது மூடிய இமைக்குள் கண் வேகமாக அசையும் கட்டத்தில் வரும். அது முன்னிரவில் சில நிமிடம்தான், விடியலை நெருங்க நெருங்க நீளும்.

தும்பியின் லீவு நாள் புதிர் இங்கேதான் அவிழும். 5 மணி நேரத்தில் எழுந்துவிட்டால் வெட்டுப்படுவது அந்தக் கடைசிப் பகுதி. பல நாள் இப்படிப் போனால், தூங்க நேரம் கிடைத்ததும் உடம்பு ரெம்மைக் கூடுதலாக எடுத்துக்கொள்ளும். கனவும் அழுத்தமாக வரும், நடுவில் விழிப்பு வந்தால் நினைவிலும் நிற்கும். அப்போது தலைக்குள் அதிகம் கிடப்பது நோட்டுக் கட்டுதானே.

எண் நழுவுவதற்கும் ஒரு விளக்கம் உண்டு. ஒன்றை மனதில் பிடித்து வைத்து அடுத்ததைச் சேர்க்கும் முன்மூளைப் பகுதி ரெம்மில் அடங்கிக் கிடக்கிறது. எண்ணும் பழக்கம் ஓடுகிறது, எண்ணிக்கையை வைத்திருக்க ஆள் இல்லை. அதனால் முடிவு வராது.

மழைக்காகம்:
அப்போ என் காய்ச்சல்?

வைகறை:
காய்ச்சலிலும் இதே மாதிரி சுற்றிச் சுற்றி வரும் கனவைப் பலர் சொல்கிறார்கள். இந்தக் கனவு வந்தாலே வேலைப்பளுதான் என்று நான் சொல்லமாட்டேன். தும்பிக்கு வேலை நெருக்கும் மாதங்களில் மட்டும் வருவதுதான் துப்பு.

தாழை:
நான் வார்டு சுத்தம் செய்கிறவள். எனக்குக் கனவில் தரை துடைக்கத் துடைக்கக் கறை திரும்ப வரும். ஆள் குறைந்து ரெண்டு பேர் வேலையை ஒருத்தியாகப் பார்க்கத் தொடங்கிய பிறகுதான் இது. லீவு நாளென்று இல்லை, எல்லா நாளும். கனவில் துடைத்துக்கொண்டே கையை வீசி, பக்கத்தில் படுத்திருக்கும் மகளை அடித்துவிட்டேன் என்கிறாள்.

வைகறை:
தாழைக்கா, அதை மட்டும் தள்ளிப்போடாதீங்க. ரெம் தூக்கத்தில் உடம்புத் தசை தளர்ந்து கிடக்க வேண்டும். கனவுக்கேற்பக் கை கால் வீசினால் அந்தத் தளர்ச்சி நடக்கவில்லையோ என்று பார்க்க வேண்டும். சில மனச்சோர்வு மாத்திரைகளாலும் வரும், மூச்சுத் திணறித் தூங்குகிறவர்களுக்கும் வரும். எது என்பதைத் தூக்க மருத்துவர்தான் பார்த்துச் சொல்ல முடியும். மாத்திரை சாப்பிட்டால் நீங்களாக நிறுத்தாதீங்க. அதுவரை மகள் தனியாகப் படுக்கட்டும்.

கரிசல்:
படுக்கும் முன் மறுநாள் வேலையை எழுதி வைத்தால் கனவு நின்றுவிடும்னு படிச்சேன்.

வைகறை:
2018-இல் ஸ்கல்லின் குழுவினர் செய்த சோதனையைச் சொல்கிறீர்கள். 5 நிமிடம் மறுநாள் வேலைகளை எழுதியவர்கள், செய்து முடித்ததை எழுதியவர்களைவிடச் சராசரியாக 9 நிமிடம் முன்னதாகத் தூங்கினார்கள். அவ்வளவுதான். கனவைப் பற்றி அதில் பேச்சில்லை.

தாழை:
எனக்கு எழுத ஒன்றுமில்லையே தம்பி. நாளைக்கும் அதே தரைதான். ஆள் போட்டால் கனவு நிற்குமா, இல்லை பழகிப்போய் வந்துகொண்டே இருக்குமா?

தும்பி:
அக்கா, எனக்குக் கணக்கு முடிந்தபின் சில வாரம் வந்துவிட்டுத் தானாகப் போய்விடும். முடிகிற தேதி இருப்பதாலா, தூக்கம் கூடியதாலா, எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. டாக்டரைப் பார்த்ததும் இங்கே எழுதுங்கள்.